சட்டத்தில் 5 சதவீதம், கம்பெனியில் எத்தனை பேர்? தனியார் நிறுவனங்களுக்கான மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டைக் கணக்கிடும் முழுமையான வழிகாட்டி

115 பேர் கணக்கில் வரும் ஒரு தனியார் கம்பெனியில் சட்டப்படி எத்தனை மாற்றுத்திறனாளிகள் வேலையில் இருக்க வேண்டும்? ஜெர்மனியில் 6 பேர். பிரான்ஸிலும் 6. ஜப்பானில் 2, 2026 ஜூலையிலிருந்து 3. இந்தியாவில் கட்டாயம் என்று பார்த்தால் ஒருவரும் இல்லை. ஆனால் இந்தியச் சட்டத்திலும் ‘தனியார் துறை, 5 சதவீதம்’ என்ற வார்த்தைகள் இருக்கத்தான் செய்கின்றன.

சட்டத்தில் அச்சாகியிருக்கும் சதவீதத்தை எடுத்து ஆள் எண்ணிக்கையோடு பெருக்கினால் விடை வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்தச் சதவீதத்துக்கும் உண்மையான கடமைக்கும் நடுவே சில கேள்விகள் உண்டு. சட்டம் யாரைக் கட்டுப்படுத்துகிறது, எந்த ஆட்களை வைத்துப் பெருக்குவது, யார் கணக்கில் ஏறுவார், குறைந்தால் என்ன ஆகும் என்ற நான்கும் அவற்றில் முக்கியமானவை. இந்த வரிசையிலேயே போவோம். முழுக் கணக்குக்கு ஜெர்மனியை எடுத்துக்கொள்கிறேன். தனியார் ஒதுக்கீட்டில் அதிகப் பழக்கமுள்ள நாடு அது. முதல் உலகப் போரில் ஊனமுற்று வீடு திரும்பிய சிப்பாய்களுக்காக அங்கே இந்தக் கடமை தொடங்கியது.

படி 1: சட்டத்தின் வாக்கியத்தில் எழுவாய் யார் என்று பாருங்கள்

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ஐத் திறந்தால் இரண்டு பிரிவுகள் அடுத்தடுத்து வரும். 34-ஆம் பிரிவு அரசு நிறுவனங்களைப் பற்றியது. ஒவ்வொரு பணிப்பிரிவிலும் காலியிடங்களில் குறைந்தது 4 சதவீதத்தை 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. இது கட்டாயம். அடுத்த 35-ஆம் பிரிவில்தான் அந்த 5 சதவீதம் இருக்கிறது. ஆனால் அங்கே கடமைப்படுவது முதலாளி அல்ல, அரசு. தனியார் நிறுவனங்களின் மொத்தப் பணியாளர்களில் குறைந்தது 5 சதவீதம் பேர் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி, தன் பொருளாதார வசதிக்கு உட்பட்டு, அரசு ஊக்கச் சலுகைகள் தர வேண்டும் என்பதே வாசகம். முதலாளி அந்த 5 சதவீதத்தை எட்டாவிட்டால் அதற்கென்று எந்தக் கட்டணமும் கிடையாது.

“அப்படியானால் தனியாருக்கு ஒன்றுமே இல்லையா?” என்றால், இருக்கிறது, வேறு உருவத்தில். 21-ஆம் பிரிவின்படி தனியார் உட்பட ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். அதன் நகலை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பதவிகளின் பட்டியல், தேர்வு முறை, பயிற்சி, உதவிக் கருவிகள், தொடர்பு அலுவலர் நியமனம் ஆகியவையும் அதில் இடம்பெற வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். திரும்பத் திரும்ப மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. அதாவது, இந்தியாவில் ஒரு தனியார் கம்பெனியிடம் “உங்கள் 5 சதவீதம் எங்கே?” என்று கேட்பது பலவீனமான கேள்வி. “உங்கள் சமவாய்ப்புக் கொள்கையைக் காட்டுங்கள், பதவிப் பட்டியல் எங்கே?” என்பது சட்டத்தில் கால் ஊன்றிய கேள்வி.

இன்னொரு கண்ணி உண்டு. தனியார் நிர்வாகத்தில் நடப்பதெல்லாம் இந்தச் சட்டத்தின் கண்ணில் தனியார் ஆகிவிடாது. அரசுக்குச் சொந்தமான, அரசு கட்டுப்படுத்தும் அமைப்புகளோடு அரசு உதவி பெறும் அமைப்புகளும் ‘அரசு நிறுவனம்’ என்ற வரையறைக்குள் வருகின்றன. அரசு உதவி வாங்கும் ஒரு அமைப்பு ‘நாங்கள் தனியார்’ என்று சொல்லி 34-ஆம் பிரிவிலிருந்து நழுவப் பார்த்தால், அந்த வரையறையை ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள்.

ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான் சட்டங்களில் எழுவாய் முதலாளிதான். அதனால்தான் அங்கே கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

படி 2: எதை வைத்துப் பெருக்குவது?

முதலில் நுழைவு வரம்பு. ஜெர்மனியில் ஆண்டுச் சராசரியாக மாதம் 20 பணியிடங்கள் இருந்தால் கடமை தொடங்கிவிடும், விகிதம் 5 சதவீதம். பிரான்ஸிலும் 20 பேர்தான், விகிதம் 6 சதவீதம். ஆனால் 20-ஐத் தாண்டிய நிறுவனத்துக்கு அங்கே 5 ஆண்டு அவகாசம் உண்டு. ஜப்பானில் 2024 ஏப்ரலிலிருந்து 2.5 சதவீதம், வரம்பு 40 பேர். 2026 ஜூலையிலிருந்து 2.7 சதவீதம், வரம்பு 37.5 பேர். அந்த அரை ஆள் எங்கிருந்து வந்தார் என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

வரம்பு ஒரு கிளைக்கா, முழு நிறுவனத்துக்கா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் முதலாளி ஒருவர் என்றால் அவருடைய எல்லாக் கிளைகளும் சேர்ந்துதான் கணக்கு. நான்கு ஊர்களில் 15 பேர் வீதம் வைத்திருப்பவர் 60 பேர் கொண்ட முதலாளி. பிரான்ஸில் ஒவ்வொரு கிளையையும் தனித்தனியாகப் பார்த்த பழைய முறை 2020-இல் போய், முழு நிறுவனமும் ஒரே அலகு ஆனது.

அப்புறம்தான் ஆட்களை எண்ண வேண்டும். இனி ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி. 2025-இல் சம்பளப் பட்டியலில் 130 பேர், ஆண்டு முழுக்க மாற்றமில்லை என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 130-ஐ அப்படியே 5 சதவீதத்தால் பெருக்கினால் 6.5, முழுமையாக்கினால் 7 என்று வரும். அது தவறு. தொழில் பழகும் பயிற்சியாளர்களின் இடங்கள் அடிப்படை எண்ணில் சேராது. நம் கம்பெனியில் அவர்கள் 6 பேர். வாரத்துக்கு 18 மணி நேரத்துக்கும் குறைவாக வேலை செய்பவர்களின் இடங்களும் சேராது; அவர்கள் 9 பேர். அதிகபட்சம் 8 வாரம் மட்டுமே நீடிக்கும் தற்காலிக வேலைகளும் அப்படியே, இங்கே அவை இல்லை. மிஞ்சுவது 115.

115-இல் 5 சதவீதம் 5.75. ஜெர்மனியில் அரையும் அதற்கு மேலும் இருந்தால் மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும், ஆகவே 6. சிறிய முதலாளிகளுக்கு இந்தப் பெருக்கலே தேவையில்லை. 40-க்குக் கீழே ஒருவர், 60-க்குக் கீழே இருவர் என்று சட்டமே சொல்லிவிடுகிறது. பிரான்ஸில் இதே 115-க்கு 6 சதவீதம் 6.9 வரும், அங்கே பின்னத்தை வெட்டிவிடுவார்கள், அதனால் அங்கும் 6. ஜப்பானிலும் வெட்டுதான்: 2.875 என்பது 2 ஆகிறது.

டிசம்பர் 31 அன்று இருந்த ஆட்களை எண்ணிவிட்டு ஆண்டுக் கணக்கை முடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியில் மாதாமாதம் எண்ணி, 12 மாதத்தையும் கூட்டி, சராசரி எடுக்க வேண்டும். பண்டிகை சீசனில் ஆள் ஏறி இறங்கும் தொழிலில் இந்த ஒரு பிழையே ஒன்றிரண்டு இடங்களை மாற்றிவிடும்.

படி 3: யார் கணக்கில் ஏறுவார், எத்தனையாக ஏறுவார்?

எண்கள் உண்மையில் மாறும் இடம் இதுதான். இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும்.

ஒருவருக்குக் குறைபாடு இருக்கிறது என்பது முதலாளிக்குத் தெரியும், சக ஊழியர்களுக்கும் தெரியும். அதனால் மட்டும் அவர் கணக்கில் ஏறமாட்டார். சட்டம் பார்ப்பது ஆவணத்தை. ஜெர்மனியில் குறைபாட்டை 10, 20 என்று 100 வரை படி போட்டு அளக்கிறார்கள். 50-ஐ எட்டியவர் ‘கடுமையான குறைபாடுள்ளவர்’. அவர் கணக்கில் ஏறுவார். 30 அல்லது 40 உள்ளவர் தானாக ஏறமாட்டார். குறைபாட்டின் காரணமாக வேலை கிடைக்காது அல்லது இருக்கும் வேலையைத் தக்கவைக்க முடியாது என்ற நிலை இருந்தால், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ‘சமநிலை’ கேட்டு அவர் விண்ணப்பிக்கலாம். அது கிடைத்துவிட்டால் 50 உள்ளவரைப் போலவே அவரும் எண்ணப்படுவார். விண்ணப்பிக்க வேண்டியவர் ஊழியர். அவருக்காக முதலாளி விண்ணப்பிக்க முடியாது.

நம் அட்டைப்பெட்டி கம்பெனியில் ஐந்து பேர் இருக்கிறார்கள்.

இயந்திரப் பிரிவில் முழு நேரம் வேலை செய்பவர், அளவு 60. கணக்கில் 1.

கணக்குப் பிரிவில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்பவர், அளவு 50. பாதி நேரம்தானே என்று அரையாகப் போடக் கூடாது. 18 மணி நேரத்தை எட்டிவிட்டால் முழுதாக 1.

காது கேளாத இளம் பயிற்சியாளர், அளவு 80. அடிப்படை எண்ணில் பயிற்சியாளர்களைச் சேர்க்கவில்லை அல்லவா? ஆனால் நிரப்பிய இடங்களை எண்ணும்போது கடுமையான குறைபாடுள்ள பயிற்சியாளர் 2 ஆக ஏறுகிறார். கீழே இல்லாதவர் மேலே இரண்டு. கேட்கக் கோணலாக இருந்தாலும் இது வேண்டுமென்றே வைத்த சலுகை. இளையவர்களைத் தொழிலுக்குள் இழுப்பதே நோக்கம்.

கிடங்கில் முதுகுத்தண்டு பாதிப்போடு வேலை செய்பவர், அளவு 30. சமநிலைக்கு விண்ணப்பிக்கவில்லை. கணக்கில் 0.

நரம்பு நோயால் வாரம் 15 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாதவர், அளவு 50. 18-க்குக் கீழே இருப்பதால் அவரும் இப்போதைக்கு 0.

மொத்தம் 4. தேவை 6. இரண்டு இடம் குறைகிறது.

ஜப்பானில் இதே ஐந்து பேரை எண்ணினால் வேறு விடை வரும். அங்கே வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் 30-க்குக் கீழே வேலை செய்பவரைப் பொதுவாக அரை ஆளாகத்தான் பார்க்கிறார்கள், கடுமையான உடல் குறைபாடு அல்லது அறிவுசார் குறைபாடு இருந்தால் இரட்டிப்பாக்குகிறார்கள். முன்னே சொன்ன 37.5-இன் அரை ஆள் இப்படி வந்தவர்தான். பிரான்ஸில் 50 வயதைத் தாண்டியவர் ஒன்றரை. ஆக, ஒரு நாட்டின் கணக்குத் தாளை இன்னொரு நாட்டுக் கிளைக்கு அனுப்பி ‘இதில் நிரப்புங்கள்’ என்று சொல்லும் தலைமை அலுவலகம் நிச்சயம் தவறான எண்ணைத்தான் திரும்பப் பெறும்.

ஒருமுறை ஏறியவர் எப்போதும் கணக்கில் இருப்பார் என்றும் நினைக்க வேண்டாம். புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு கிடைக்கும் உயர்ந்த அளவு, சில ஆண்டுகள் நோய் திரும்பாவிட்டால் மறுபரிசீலனைக்கு வரும். 50-க்குக் கீழே இறங்கினால், அந்த முடிவு உறுதியான பின் மூன்றாவது மாத இறுதியோடு அவர் கணக்கிலிருந்து இறங்குவார். ஆட்கள் மாறவே இல்லை, கட்டணம் மட்டும் ஏறியிருக்கிறது என்று குழம்பும் கம்பெனிகளில் முதலில் தேட வேண்டிய காரணம் இது.

படி 4: குறைந்தால் எவ்வளவு?

ஜெர்மனியில் நிரப்பாத ஒவ்வொரு இடத்துக்கும் மாதக் கணக்கில் ஈட்டுக் கட்டணம் உண்டு. அது ஒரே விலை அல்ல, எவ்வளவு தூரம் பின்தங்கியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 60-ம் அதற்கு மேலும் பணியிடங்கள் உள்ளவர்களுக்கு 2025-ஆம் ஆண்டின் அளவுகள் இவை: சராசரி 3 சதவீதம் முதல் 5-க்குக் கீழே என்றால் 155 யூரோ, 2 முதல் 3-க்குக் கீழே 275, பூஜ்யத்துக்கு மேலே 2-க்குக் கீழே 405, ஒருவருமே இல்லையென்றால் 815. சிறிய முதலாளிகளுக்கு இதைவிடக் குறைவு.

நம் கம்பெனியில் 115-க்கு 4, அதாவது 3.48 சதவீதம். விலை 155.

```
நிரப்பாத இடம் 2 × 12 மாதம் × 155 = 3,720 யூரோ
```

பயிற்சியாளரைத் தவறுதலாக ஒன்றாக எண்ணியிருந்தால்? 3 பேர், 2.6 சதவீதம். குறை மூன்றாக ஏறுவதோடு விலையும் 275-க்குத் தாவுகிறது:

```
3 × 12 × 275 = 9,900 யூரோ
```

ஒரு எண் பிழைக்கு 6,180 யூரோ. ஒரே ஆள் வித்தியாசம் விலைப் படியையும் தாண்ட வைக்கும் என்பதால்தான் இப்படி ஆகிறது. ஐந்து பேரும் இல்லாத கம்பெனியாக இருந்தால் 6 × 12 × 815, அதாவது 58,680 யூரோ.

ஜப்பானில் கட்டணம் வசூலிப்பது 100 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களிடம் மட்டும். குறைகிற ஒவ்வொருவருக்கும் மாதம் 50,000 யென். 100-க்குள் இருப்பவர்களுக்குக் கடமை உண்டு, கட்டணம் இல்லை. கடமைக்கு ஒரு வரம்பு, கட்டணத்துக்கு வேறொரு வரம்பு என்பதைக் கவனிக்காமல் ‘கட்டணம் வரவில்லையே, நமக்குக் கடமை இல்லை போல’ என்று முடிவு கட்டுவது அங்கே செய்யக்கூடிய எளிய தவறு.

பணம் கட்டிவிட்டால் கடமை தீர்ந்ததா? ஜெர்மன் சட்டம் தெளிவாகவே பதில் சொல்கிறது: கட்டணம் செலுத்துவது வேலை கொடுக்கும் கடமையை நீக்காது. எழுத்தில் அப்படி. நடைமுறையில், இடத்தை நிரப்பாததற்கென்றே இருந்த தனி அபராதம் 2024-இல் எடுக்கப்பட்டுவிட்டது. வசதியுள்ள பெரிய நிறுவனம் 815-ஐ ஒரு வரியைப் போலக் கட்டிவிட்டுப் போக முடியும். இந்த ஏற்பாட்டின் பலவீனமான மூட்டு இதுதான் என்பது என் எண்ணம்.

படி 5: அறிக்கை அனுப்பும் முன் திரும்பிப் பாருங்கள்

2025-ஆம் ஆண்டின் அறிக்கை 2026 மார்ச் 31-க்குள் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போக வேண்டும். IW-Elan என்ற இலவச மென்பொருள் மாத எண்களைக் கொடுத்தால் கட்டணத்தைக் கணக்கிட்டுத் தந்துவிடும். பணம் போவது வேறு அலுவலகத்துக்கு, அதையும் அதே தேதிக்குள் நாமே கணக்கிட்டு நாமே கட்ட வேண்டும். அறிக்கையைச் சரியாகவோ உரிய காலத்திலோ கொடுக்காவிட்டால் 10,000 யூரோ வரை அபராதம் வரலாம். ஆளை வேலைக்கு எடுக்காததற்கு அபராதம் போய்விட்டது, தாளை அனுப்பாததற்கு இருக்கிறது!

கிடங்கு ஊழியரிடம் திரும்புவோம். பாரம் தூக்கும் வேலை அவருக்குக் கைகூடாமல் போகிறது, வேலையே ஆட்டம் காண்கிறது. சமநிலை விண்ணப்பம் அவர் உரிமை என்று பணியாளர் பிரதிநிதி எடுத்துச் சொல்ல, 2025 ஜூலை 1 அன்று அவர் விண்ணப்பிக்கிறார். அனுமதி அக்டோபரில் வந்தாலும் அது செல்லுபடியாவது விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து. ஆகவே ஜூலை முதல் டிசம்பர் வரை அவர் 1.

```
ஜனவரி–ஜூன்:    குறை 2 × 6 = 12
ஜூலை–டிசம்பர்:  குறை 1 × 6 = 6
மொத்தம்        18 × 155 = 2,790 யூரோ
```

15 மணி நேரம் வேலை செய்பவருக்கும் ஒரு வழி உண்டு. குறைந்த நேரம் அவருடைய குறைபாட்டின் தன்மையாலோ கடுமையாலோ தேவைப்படுகிறது என்றால், அவரைக் கணக்கில் ஏற்ற வேலைவாய்ப்பு அலுவலகம் அனுமதிக்க வேண்டும். அதுவும் கிடைத்துவிட்டால் அடுத்த ஆண்டு முழுவதும் 115-க்கு 6, அதாவது 5.2 சதவீதம். கட்டணம் பூஜ்யம். புதிதாக ஒருவரைக்கூட வேலைக்கு எடுக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் ஊழியர்களிடம் போய் உங்களுக்கு என்ன குறைபாடு என்று விசாரித்து ஆள் சேர்த்துவிடலாமே’ என்று தோன்றினால், அங்கேதான் நிற்க வேண்டும். வேலை நேர்காணலில் பொதுவாக இதைக் கேட்கக் கூடாது. சேர்ந்த பிறகும் தானாக முன்வந்து சொல்லும் கடமை ஊழியருக்குப் பொதுவாக இல்லை. செய்யக்கூடியது, எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒரு அறிவிப்பு கொடுப்பது: இந்த ஆவணம் இருந்தால் ஆண்டுக்கு 5 நாள் கூடுதல் விடுப்பும் பணிநீக்கப் பாதுகாப்பும் உண்டு, விரும்பினால் தெரிவிக்கலாம் என்று. அந்தக் கூடுதல் விடுப்பு 50 அளவு உள்ளவர்களுக்கு மட்டும், சமநிலை பெற்றவர்களுக்கு இல்லை என்பதையும் அதே தாளில் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் கிடங்கு ஊழியர் விடுப்பு கேட்டு வந்து நிற்கும்போது எச்.ஆர். முழிக்க வேண்டிவரும்.

மிச்சமுள்ள கட்டணத்தைக் குறைக்க இன்னொரு வழி, அங்கீகாரம் பெற்ற மாற்றுத்திறனாளிகள் பணிமனைகளுக்கு ஆர்டர் கொடுப்பது. பில்லில் உழைப்புக்கான தொகையில் பாதியைக் கட்டணத்திலிருந்து கழிக்கலாம். 3,000 யூரோ பில்லில் பொருளுக்கு 1,000, உழைப்புக்கு 2,000 என்று பிரித்துப் போட்டிருந்தால் கழிவு 1,000. நம் கம்பெனியின் 2,790 யூரோ 1,790 ஆகும். இந்தப் பிரிப்பு பில்லில் இல்லாமல் மொத்தத் தொகை மட்டும் இருந்தால் எதைப் பாதியாக்குவது என்ற கேள்வி மார்ச் கடைசி வாரத்தில் வந்து நிற்கும். ஆர்டர் கொடுக்கும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.